ஆறா, எட்டா?

சித்தப்பா வாட்ஸப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு வக்கீல் போனில் கேட்ட முதல் கேள்வி இது: "சார், சர்வே நம்பர் 147/6ஆ, 147/8ஆ?"

நானும் படத்தை விரல்களால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். 1968ல் எழுதிய கிரயப் பத்திரம். நான்காக மடித்துத் தகரப் பெட்டியில் போட்டது, அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படியே கிடந்திருக்கிறது. குறுக்கே விழுந்த மடிப்பு, சொல்லிவைத்தாற்போல அந்த எண்ணின் மேலேயே ஓடியது. படத்தில் மடிப்பு கருப்புக் கோடாக விழுந்திருந்தது. அதற்குள் பாதி மூழ்கிய ஓர் எண். பெரிதாக்கப் பெரிதாக்க எழுத்து தெளியவில்லை, கட்டம் கட்டமாக உடைந்தது. வில்லங்கம் போட்டுப் பார்க்க அந்த எண் சரியாக வேண்டும். தப்பான எண்ணுக்குப் போட்டால் வேறு யாருடைய நிலத்தின் சரித்திரமோ வரும்.

ஒழுங்காக ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது பத்திரத்தை ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போனேன். கடைத் தம்பி புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "அண்ணே, இது கண்ணாடியவிட நீளம். அதுவுமில்லாம தச்சிருக்கு, நூலைப் பிரிச்சாத்தான் வைக்க முடியும்." இரண்டுமே நியாயமான காரணங்கள். அவனுடைய ஸ்கேனர் ஏ4 அளவு, அதாவது கண்ணாடியின் நீளம் முப்பது சென்டிமீட்டருக்குள். எங்கள் முத்திரைத்தாளை அளந்தால் பதின்மூன்றரை அங்குலம், முப்பத்துநான்கு சென்டிமீட்டர். நூலைப் பிரிக்கச் சித்தப்பா சம்மதிக்க மாட்டார். சம்மதிக்கவும் கூடாது. பழைய பத்திரத்தைப் பிரித்துத் தைத்த தடம் தெரிந்தால், நடுவில் ஒரு தாளை மாற்றினார்களோ என்று நாளைக்கு ஒருவர் கேட்பார்.

ஆக, போன்தான். ஆனால் முதல் தடவை ஏன் கெட்டது என்று புரியாமல் மறுபடி எடுத்தால் மறுபடியும் அதே படம்தான் வரும். அதனால் ஸ்கேனர் என்ன செய்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஸ்கேனர் என்பது ஒரு பெட்டி. தன் விளக்கைத் தானே கொண்டுவருகிறது, மூடியைப் போட்டு வெளி வெளிச்சத்தைத் தடுத்துவிடுகிறது. தாளைக் கண்ணாடியோடு அழுத்தித் தட்டையாக்குகிறது. கண் எப்போதும் தாளுக்கு நேர் கீழே, ஒரே தூரத்தில் நகர்கிறது. வெளிச்சம், தட்டை, கோணம் என்ற மூன்றையும் பெட்டியே பார்த்துக்கொள்வதால் நாம் பொத்தானை அழுத்தினால் போதும். போன் செயலி இவற்றில் கோணத்தை மட்டும்தான் ஓரளவு சரிசெய்யும். மற்ற இரண்டும் நம் பொறுப்பு. "ஸ்கேனர்" என்று பெயர் போட்டிருப்பதால் மூன்றையும் அதுவே செய்துவிடும் என்று நினைத்துவிடுகிறோம்.

சித்தப்பாவின் படத்தில் எழுத்து ஏன் உடைந்தது என்பதற்குச் சின்ன கணக்கு ஒன்று போதும். அவர் போன் கேமரா 12 மெகாபிக்சல், நீளவாக்கில் 4000 புள்ளிகள். அவர் நின்றபடி எடுத்ததில் திண்ணை, செருப்பு, பூனையின் வால் எல்லாம் விழுந்து, பத்திரம் படத்தில் பாதி நீளம்தான் இருந்தது. ஓர் அங்குலத் தாளுக்கு ஏறக்குறைய 150 புள்ளிகள். அந்த எண்ணின் உயரம் மூன்று மில்லிமீட்டர் என்றால் அதற்குப் பதினெட்டுப் புள்ளிகள் கிடைத்திருக்கும். அதோடு விட்டதா? வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பியதில் அது சுருங்கி, எனக்கு வந்து சேர்ந்தபோது நீளம் 1600 புள்ளிகள். எண்ணின் உயரம் ஏழு புள்ளியாகிவிட்டது. ஏழு புள்ளி உயரத்தில் ஆறுக்கும் எட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு புள்ளிதான், அதன் மேல்தான் மடிப்பின் நிழல் விழுந்திருந்தது. அதே கேமராவில், தாளைச் சுற்றிக் கொஞ்சம் ஓரம் மட்டும் விட்டு எடுத்து, படமாக அல்லாமல் "டாக்குமெண்ட்" என்று இணைத்து அனுப்பியிருந்தால் முப்பது புள்ளி கிடைத்திருக்கும். அலுவலகங்களில் 300 டிபிஐ என்று கேட்கிறார்களே, அது அங்குலத்துக்கு 300 புள்ளி. சாதாரண போனில் தாள் படம் முழுக்க நிறைந்தால் அந்த அளவை ஒட்டி வந்துவிடும். அதற்குப் போன் தாளிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்க வேண்டும்.

மறுநாள் காலை சித்தப்பா வீட்டில் வேலையை ஆரம்பித்தேன். தரையில் வைத்தால் ஆகாது என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்தது. வெள்ளை டைல்ஸ், நடுவில் சாம்பல் கோடுகள். செயலியைத் திறந்து பத்திரத்தின் மேல் காட்டினால், நீலக் கட்டம் பத்திரத்தை விட்டுவிட்டு ஒரு டைல்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அதைக் குறை சொல்ல முடியாது. தாள் என்றால் என்னவென்று பழைய வகைச் செயலிக்குத் தெரியாது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் வெளிச்சம் எங்கே சட்டென்று மாறுகிறது என்று தேடுகிறது. அப்படி மாறும் இடம் ஒரு விளிம்பு. ஜான் கேனி 1986ல் வெளியிட்ட விளிம்பு தேடும் முறை இன்றும் இந்த வேலைக்குப் பாடப்புத்தக உதாரணம். கிடைத்த விளிம்புப் புள்ளிகளில் எவை ஒரே நேர்கோட்டில் விழுகின்றன என்று பார்ப்பது அடுத்த படி. இதன் மூலம் பால் ஹாஃப் 1962ல் வாங்கிய காப்புரிமை. அவர் தேடியது தாளின் ஓரத்தை அல்ல, அணுத்துகள்கள் படங்களில் விட்டுச் செல்லும் தடங்களை. நேர்கோடுகள் கிடைத்ததும், நான்கு கோடுகள் சேர்ந்து ஒரு பெரிய நாற்கோணமாகும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, இதுதான் தாள் என்று செயலி முடிவுக்கு வருகிறது. இப்போதைய செயலிகள் பல, ஆயிரக்கணக்கான தாள் படங்களைக் காட்டிப் பழக்கியவை, அதனால் கொஞ்சம் சாமர்த்தியம் கூடியிருக்கிறது. ஆனாலும் வெள்ளை மேசையில் வெள்ளைத் தாளை வைத்தால் எல்லாம் தடுமாறும். வெளிச்சம் மாறவே இல்லையென்றால் விளிம்பு எங்கிருந்து வரும்? டைல்ஸ் கோடு, கட்டம் போட்ட லுங்கி, பாய் இவற்றின் மேல் வைத்தால் எதிர்ச் சிக்கல், விளிம்புகள் அதிகமாகிவிடும்.

கருப்பாக, பளபளப்பில்லாமல், கோடில்லாமல் ஒரு பரப்பு வேண்டும். சமையலறைக் கருங்கல் மேடை கருப்புதான், ஆனால் கண்ணாடி மாதிரி மின்னும். சித்தி பீரோவிலிருந்து கரும்பழுப்புக் கம்பளி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மேசையில் விரித்து அதன்மேல் பத்திரத்தை வைத்ததும் கட்டம் பட்டென்று ஓரங்களைப் பிடித்தது. ஒரு மூலை மட்டும் செல்லரித்துப் போயிருந்ததால் அங்கே உள்ளே நுழைந்து வெட்டப் பார்த்தது. செயலிக்கு நான்கு மூலை உண்டு என்பது நம்பிக்கை, கிழிந்த மூலை அதன் கணக்கில் இல்லை. தானாகவே படம் எடுக்கும் வசதியை அணைத்துவிட்டு, எடுத்தபின் அந்த மூலைப் புள்ளியை விரலால் வெளியே இழுத்துக் கம்பளியின் மேல் வைத்தேன். பத்திரத்தில் இது முக்கியம். பக்க எண், சாட்சி கையெழுத்து, பதிவு அலுவலக முத்திரை எல்லாம் ஓரத்தில்தான் இருக்கும். அழகுக்காக ஒட்ட வெட்டினால் முத்திரையில் பாதி போய்விடும். சுற்றிலும் கம்பளி ஒரு நூல் அளவு தெரிந்தால் ஒன்றும் குறைந்துவிடாது, தாள் முழுதாக இருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

கருப்பு விரிப்பில் ஒரு சங்கடமும் உண்டு. படத்தில் கருப்பு அதிகமானால் கேமரா இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும். தாள் வெளுத்து, மங்கிய மை காணாமல் போகும். திரையில் தாளின் மேல் ஒருமுறை தொட்டால் கேமரா தாளை வைத்து அளந்துகொள்ளும், போகஸும் அங்கேயே விழும்.

அடுத்தது வெளிச்சம். இதில்தான் எனக்கு அரைமணி நேரம் போனது. தலைக்கு மேல் டியூப்லைட். ஓர் அடி உயரத்தில் போனைப் பிடித்துக் குனிந்தால் போனின் நிழலும் என் தலையின் நிழலும் பத்திரத்தின் நடுவில். பிளாஷ் போட்டுப் பார்த்தேன். லென்ஸுக்குப் பக்கத்திலேயே பிளாஷ் இருப்பதால் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு, ஓரங்களில் இருட்டு. வழவழப்பான தாளிலும் லேமினேஷன் செய்த சான்றிதழிலும் இது இன்னும் மோசம், அந்தத் திட்டுக்குள் எழுத்தே இருக்காது. கேரம் பலகையில் காய் ஓரத்தில் பட்டுத் திரும்பும் அதே கணக்கில்தான் வெளிச்சமும் திரும்புகிறது. நேர் மேலிருந்து விழுந்தால் நேர் மேலே திரும்பிக் கேமராவுக்குள் வருகிறது. சரிவாகப் பக்கத்திலிருந்து விழுந்தால் மறுபக்கம் போய்விடும், லென்ஸுக்கு வராது. ஆவணங்களைப் படமெடுக்கும் இடங்களில் கேமராவின் இரண்டு பக்கமும் 45 டிகிரி சாய்வில் விளக்கு வைப்பது இதற்காகத்தான்.

வீட்டில் அந்த விளக்குக்குப் பதில் ஜன்னல். வெயில் நேராக விழாத ஜன்னலாகப் பார்த்து, மேசையை அதன் பக்கவாட்டில் நகர்த்தி, டியூப்லைட்டை அணைத்தேன். அணைக்காவிட்டால் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் தாள் இரண்டு நிறமாகும். மலிவான எல்இடி பல்புகளில் இன்னொரு தொல்லை, நம் ஊர் மின்சாரத்தில் அவை விநாடிக்கு நூறு முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு படத்தில் வரிவரியாக நிழல் பட்டைகளாக விழும். பகல் வெளிச்சத்துக்கு அந்த வியாதி இல்லை. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் தாள் இருண்டிருந்தது. சித்தப்பாவின் வெள்ளை வேட்டியை ஒரு நாற்காலி முதுகில் போட்டு அந்தப் பக்கம் நிறுத்தினேன். ஜன்னல் வெளிச்சம் வேட்டியில் பட்டுத் திரும்பி, இருண்ட பாதியும் விடிந்தது.

அப்படியும் மடிப்பு கருப்பாகவே இருந்தது. பத்திரத்தின் தலைப்பு ஜன்னலைப் பார்த்தபடி வைத்திருந்தேன். குறுக்கு மடிப்பு ஒரு சின்ன வரப்பு மாதிரி. வெளிச்சம் அந்த வரப்பின் குறுக்கே வந்தால் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் நிழலாகவும்தான் இருக்கும். காலை வெயிலில் வயலைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் வரப்போடு சேர்ந்தே நீளவாக்கில் ஓடினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெளிச்சம் பெறும், நிழல் விழ இடமில்லை. பத்திரத்தைக் கால்வட்டம் திருப்பி, குறுக்கு மடிப்பின் முனை ஜன்னலை நோக்கி இருக்கும்படி வைத்தேன். கருப்புக் கோடு சாம்பலாகி, பிறகு தாளின் நிறத்திலேயே கரைந்தது. நீளவாக்கில் இருந்த இன்னொரு மடிப்பு இப்போது கருத்துவிட்டது உண்மைதான், ஆனால் அதன் மேல் எண் எதுவும் இல்லை. சிலுவையாக மடித்த தாளுக்கு ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு படமாக இரண்டு படம் எடுத்துவிடுவது நல்லது.

மடிப்பை நீக்க இஸ்திரி போடலாமே என்று சித்தி கேட்டார். பழைய தாளுக்கு அந்தச் சூடு ஆகாது, மடிப்பிலேயே விண்டுவிடும். முதல் நாள் இரவே இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கியிருந்தேன், அதிலேயே பாதி படிந்துவிட்டது. மீதிக்குப் போட்டோ பிரேமிலிருந்து கழற்றிய கண்ணாடி. சுத்தமாகத் துடைத்துத் தாளின் மேல் மெதுவாக வைத்தால் அதன் எடையே போதும், கையால் அழுத்தக் கூடாது. கண்ணாடி வைத்ததும் அதில் போனும் என் சட்டையும் தெரிந்தன. கருஞ்சட்டை மாற்றிக்கொண்டேன், பிரதிபலிப்பு போனது. கேட்பதற்குக் கோமாளித்தனம், ஆனால் வேலை செய்கிறது.

முதல் தாள் முடிந்தது. மூன்றாவது தாளுக்கு வந்தபோது வேறு தொல்லை. இடது ஓரத்தில் தைத்திருப்பதால், புரட்டப் புரட்ட அந்த ஓரம் குன்று மாதிரி எழும்பியது. எடுத்த படத்தில் மூலைகள் நான்கும் சரி, ஆனால் வரிகள் தையலுக்குப் பக்கத்தில் வாழையிலை நுனி மாதிரி வளைந்தன. செயலி கோணத்தைச் சரிசெய்யும் விதம் அப்படி. நான்கு மூலைகளை வைத்துக்கொண்டு, சாய்ந்த நாற்கோணத்தைச் செவ்வகமாக இழுக்கிறது. தாள் தட்டையாக இருந்தால் அந்தக் கணக்கு துல்லியம். நடுவில் தாள் மேடேறினால் நான்கு மூலைகளில் அந்தச் செய்தியே இருக்காது. பல செயலிகளில் வளைவு நீக்கும் வசதி என்று ஒன்று வந்திருக்கிறது. அது வரிகளின் வளைவைப் பார்த்து ஊகிக்கிறது. அச்சுப் புத்தகத்துக்குப் பரவாயில்லை. கையெழுத்தே மேலும் கீழும் போகும் பத்திரத்தில் அந்த ஊகத்தை நான் நம்ப மாட்டேன்.

பெரிய இடங்களுக்கும் இதே தலைவலிதான். புத்தகங்களைப் படமெடுக்கத் தாளின் வளைவை அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் முறைக்குக் கூகுள் 2009ல் காப்புரிமை வாங்கியது. இன்டர்நெட் ஆர்க்கைவ் வேறு வழியில் போனது. புத்தகத்தை முழுதாக விரிக்காமல் வி வடிவத் தொட்டிலில் பாதி திறந்து வைத்து, மேலே கண்ணாடியை இறக்கி, ஆள் கையால் பக்கம் புரட்டி எடுக்கிறார்கள். முழுதாக விரித்தால்தான் தையலோரம் எழும்பும், பாதி திறந்தால் ஒவ்வொரு பக்கமும் தானே நேராக நிற்கும். எனக்கு இந்த இரண்டாவது வழி கட்டுப்படியானது. புரட்டிய தாள்களைப் பின்னால் மடக்காமல், ஒரு செங்கல்லுக்குத் துணி சுற்றி அதன்மேல் சாய்த்து நிறுத்தினேன். எடுக்க வேண்டிய தாள் கம்பளியில் தட்டையாகப் படிந்தது. தையலோரத்துக்கு ஒரு ஸ்கேல். வலப்பக்கங்களை எல்லாம் ஒரு சுற்று எடுத்து முடித்து, பிறகு பத்திரத்தைத் திருப்பி வைத்துப் பின்பக்கங்களை ஒரு சுற்று எடுத்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் செங்கல்லை இடம் மாற்றிக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும்.

வடிவம் சரியாக வந்ததா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. தாளில் எழுத்தில்லாத இடத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். செயலி வெட்டி நிமிர்த்தியபின் நாணயம் வட்டமாக இருந்தால் சரி. முட்டையாக இருந்தால் போனைச் சாய்த்துப் பிடித்திருக்கிறோம், அல்லது செயலி தாளின் நீள அகலத்தைத் தவறாக ஊகித்திருக்கிறது. சாய்த்து எடுத்ததைச் செயலி நிமிர்த்திவிடும்தான். ஆனால் தள்ளியிருந்த ஓரத்துக்குக் குறைவான புள்ளிகளே கிடைத்திருக்கும், அதை இழுத்து நீட்டும்போது எழுத்து பஞ்சாகும். எடுக்கும்போது தாளின் ஓரங்கள் திரையின் ஓரங்களுக்கு இணையாகத் தெரிகின்றனவா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

கடைசியாக வடிகட்டி. எடுத்து முடித்ததும் செயலி தானாகவே தாளை வெள்ளை வெளேரென்று ஆக்கிக் காட்டும். அதில் மயங்கத்தான் தோன்றும். கருப்பு வெள்ளை வடிகட்டி ஒவ்வொரு புள்ளியையும் அதன் சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டு, இது மை, இது தாள் என்று இரண்டில் ஒன்றாகத் தீர்ப்பு எழுதுகிறது. அதோடு தனியாகக் கிடக்கும் சிறு புள்ளிகளைத் தூசு என்று துடைக்கவும் செய்யலாம். ஆங்கிலத்துக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. தமிழில் மெய்யெழுத்தின் தலையில் இருப்பதே ஒரு சிறு புள்ளி. எங்கள் பத்திரத்தில் "மேல்பால்" என்ற நான்கெல்லை வார்த்தை "மேலபால" என்று மொட்டையாக வந்து நின்றது. ஊதா நிற முத்திரையும் பாதி அழிந்தது. மூலத்தை வண்ணத்திலேயே, வடிகட்டி இல்லாமல் ஒன்று சேமித்துவிட்டு, படிக்க வசதிக்கு வேண்டுமானால் இன்னொன்றை வெளுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான செயலிகளில் "ஒரிஜினல்" என்று ஒரு தேர்வு ஓரமாக ஒதுங்கியிருக்கும்.

எந்தச் செயலி என்று கேட்பார்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் கூகுள் டிரைவிலும், ஐபோன் என்றால் நோட்ஸிலும் ஸ்கேன் வசதி ஏற்கெனவே இருக்கிறது. பத்திரத்தை ஊர் பேர் தெரியாத இலவசச் செயலியிடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். இந்தப் படம் மூலப் பத்திரத்துக்கு மாற்றும் ஆகாது, படித்துப் பார்க்கவும் அனுப்பவும் மட்டும். பழைய போட்டோ, பிலிம் நெகட்டிவ் போன்றவற்றுக்கு இன்றும் ஸ்கேனர்தான் நல்லது.

பத்து மணிக்கு ஆரம்பித்தது ஒன்றரைக்கு முடிந்தது. ஐந்து தாள், இரண்டு பக்கமும், மடிப்புக்கான உபரிப் படங்களும் சேர்த்து ஒரே பிடிஎப்பாக்கி டாக்குமெண்டாக வக்கீலுக்கு அனுப்பினேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டார்.

"சார், ஆறுதான். ஆனா ஆறு மட்டும் இல்ல. மடிப்புக்கு உள்ள பாருங்க, பக்கத்துல சின்னதா ஒரு ஏ இருக்கு. 147/6ஏ."

சித்தப்பா கையைக் கழுவிவிட்டு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். பிறகு பத்திரத்தை எடுத்து ஜன்னலோரமாகப் போய், திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.